வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய்: 150 கிராமுக்கு 150 கிராம் ஏன் ஈடாகாது

கேள்வி: வழக்கமாக நான் செய்யும் வெண்ணெய் கேக்கில் 150 கிராம் வெண்ணெய் போடுவேன். இந்த முறை வீட்டில் வெண்ணெய் இல்லை, அதே 150 கிராம் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றிச் செய்தேன். நடுவில் குழி விழுந்துவிட்டது, அடித்தாள் எண்ணெயில் ஊறிவிட்டது, வெட்டினால் உதிர்கிறது. எண்ணெய் எவ்வளவு ஊற்றியிருக்க வேண்டும்? இரண்டுமே கொழுப்புதானே, அளவு ஏன் மாற வேண்டும்?

பதில்: உங்கள் கேக்குக்கு 110 முதல் 120 கிராம் வரை எண்ணெய் போதும். அதோடு ஏறத்தாழ 25 மில்லி பால் கூடுதலாக ஊற்றியிருக்க வேண்டும். கலக்கும் முறையையும் மாற்றியிருக்க வேண்டும். இந்த மூன்றில் எண்ணெயின் அளவைப் பற்றி மட்டும்தான் பெரும்பாலும் பேசப்படுகிறது. மற்ற இரண்டையும் விட்டுவிட்டு அளவை மட்டும் சரிசெய்தால் குழி விழாத கேக் கிடைக்கும், ஆனால் பொங்காமல் கனத்துப்போன கேக்காக அது இருக்கும்.

முதலில் வெண்ணெய்க் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கடையில் வாங்கும் உப்பு வெண்ணெயில் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பதும், ஈரம் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும், உப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் இந்திய உணவுத் தர விதி. மீதியுள்ள சிறு பங்கு பாலின் புரதமும் பாலின் சர்க்கரையும். வெண்ணெயை உருக்கும்போது அடியில் தங்கிப் பழுப்பாகும் கசடு அதுதான். எண்ணெயில் இவை எதுவும் கிடையாது, அது முழுக்க முழுக்கக் கொழுப்பு. ஆகவே 150 கிராம் வெண்ணெய் போட்டபோது உங்கள் மாவுக்குள் சென்றது 120 கிராம் கொழுப்பும் 24 கிராம் நீரும் சிறிது உப்பும் சிறிது பால்கசடும். 150 கிராம் எண்ணெய் ஊற்றியபோது சென்றதோ 150 கிராம் கொழுப்பு. நீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. கொழுப்பு கால் பங்கு கூடிவிட்டது, நீர் குறைந்துவிட்டது.

இருபத்து நான்கு கிராம் நீர் என்பது ஒன்றரை மேசைக்கரண்டிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இது ஒரு பொருட்டா என்று தோன்றலாம். உங்கள் குறிப்பு முழுவதையும் நீங்கள் தரவில்லை என்பதால், 150 கிராம் வெண்ணெய் கேட்கும் வழக்கமான ஒரு குறிப்பை வைத்துக் கணக்குப் போடுகிறேன்: மைதா 180 கிராம், சர்க்கரை 170 கிராம், முட்டை 3, பால் 60 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி. ஓடு நீக்கிய மூன்று முட்டையின் எடை 150 கிராம் என்றால் அதில் நான்கில் மூன்று பங்கு நீர். அது 112 கிராம். பாலிலிருந்து 53 கிராம் வருகிறது. வெண்ணெயிலிருந்து 24 கிராம். ஆக மொத்தம் 189 கிராம். வெண்ணெயை நீக்கியதால் மாவிலிருந்த நீரில் எட்டில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. கேக் வேகும்போது மைதாவிலுள்ள மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பிக் கெட்டிப்பட வேண்டும், முட்டையின் புரதம் உறைய வேண்டும். இவை இரண்டும்தான் கேக்கைத் தாங்கி நிற்கும் சுவர்கள். சர்க்கரையும் அதே நீருக்குப் போட்டி போடுகிறது. நீர் குறைந்தால் மாவுச்சத்து அரைகுறையாக உப்புகிறது. கொழுப்பு கூடினால் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைவது தடைப்படுகிறது. ஒரே தவறு சுவரை இரண்டு பக்கமும் பலவீனமாக்குகிறது. ஓவனுக்குள் இருக்கும் வரை நீராவியும் வாயுவும் கேக்கை நிமிர்த்திப் பிடிக்கின்றன. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் வாயு சுருங்குகிறது, சுவர் தாங்காமல் நடுப்பகுதி அமுங்குகிறது. நீங்கள் பார்த்த குழி இப்படி விழுந்ததுதான். அடித்தாளில் ஊறியது, எந்தச் சுவரும் பிடித்துவைக்க இயலாத கூடுதல் எண்ணெய்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "ஒரு கப் வெண்ணெய்க்கு முக்கால் கப் எண்ணெய்" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே சமயம் எடைக் கணக்குப்படி 80 சதவீதம் என்கிறோம். இரண்டும் ஒன்றா? ஒன்றல்ல. 240 மில்லி கப்பில் வெண்ணெயை இடைவெளி இல்லாமல் அமுக்கி நிரப்பினால் சுமார் 227 கிராம் பிடிக்கும். அதிலுள்ள கொழுப்பு 182 கிராம். எண்ணெய் நீரைவிட லேசானது, அதே கப்பில் 220 கிராம்தான் பிடிக்கும். 182 கிராம் கொழுப்பு வேண்டுமென்றால் எண்ணெய் 0.83 கப் ஊற்ற வேண்டும். முக்கால் கப் என்பது 165 கிராம். கொழுப்புக்குக் கொழுப்பு ஈடு செய்வதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. அப்படியானால் முக்கால் கப் விதி தவறா? என் அனுபவத்தில் தவறில்லை, பல கேக்குகளில் அதுவே நன்றாக வருகிறது. ஏனென்றால், ஒரே எடையுள்ள கொழுப்பானாலும் எண்ணெய் வெண்ணெயைவிடக் கூடுதலாக வேலை செய்கிறது.

அது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அளவு மாறுவதற்கான இரண்டாவது காரணம் இதில்தான் இருக்கிறது. மைதாவின் புரதங்கள் நீரோடு சேர்ந்து கலக்கப்படும்போது இழுவைத்தன்மையுள்ள வலையாகப் பின்னிக்கொள்கின்றன. பரோட்டா மாவு இழுபடுவதற்கு இதே வலைதான் காரணம். கேக்கில் இந்த வலை அதிகம் பின்னிவிட்டால் மெல்லும்போது ரப்பர் போலிருக்கும். கொழுப்பு மைதாத் துகளைப் பூசி மூடிக்கொண்டால் அந்தத் துகளுக்குள் நீர் எளிதில் நுழைய முடியாது, வலை குறைவாகப் பின்னும். வெண்ணெய் இளகிய நிலையிலும் முழுத் திரவம் அல்ல, சிறு சிறு திட்டுகளாகத்தான் மாவுக்குள் பரவும். பல துகள்கள் அதனிடம் சிக்காமல் தப்பிவிடும். எண்ணெயோ ஓடக்கூடியது, அது ஒவ்வொரு துகளையும் தேடிப் போய்ப் பூசும். போதாததற்கு, வெண்ணெயுடன் வரும் நீர் வலை பின்னுவதற்கு உதவும், எண்ணெயிடம் அந்த உதவியும் இல்லை. எனவே எடை சரியாக ஈடு செய்யப்பட்டிருந்தாலும் எண்ணெய் கேக் சற்று அதிகமாகவே மிருதுவாகும், சற்று அதிகமாகவே உதிரும். எண்ணெயைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து ஊற்றினால் இது சமன்படும். 120 கிராமுக்குப் பதில் 110 கிராம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுவே. 110 கிராம் எண்ணெய் என்பது 120 மில்லி, அதாவது சரியாக அரை கப்; தராசு இல்லாதவர்களுக்கும் வசதி.

இதுவரை சொன்னது அளவு. இனிமேல் சொல்வது காற்று. வெண்ணெய் கேக் உப்புவதற்குக் காரணம் பேக்கிங் பவுடர் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் பேக்கிங் பவுடர் புதிய குமிழி எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே மாவில் இருக்கும் நுண்ணிய காற்றுக் குமிழிகளுக்குள் வாயுவைச் செலுத்தி அவற்றை ஊதிப் பெரிதாக்குவது மட்டுமே அதன் வேலை. அந்தக் குமிழிகளை முதலில் உள்ளே வைப்பது வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும் அந்த ஐந்து நிமிடங்கள். சர்க்கரையின் கூர்மையான பரல்கள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே இழுத்துச் செல்கின்றன; வெண்ணெயிலுள்ள உறைந்த கொழுப்புப் படிகங்கள் அந்தக் காற்றைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்கின்றன. மஞ்சள் நிறம் வெளுத்து, கலவை பொங்கி, கரண்டியில் எடுத்தால் லேசாகத் தெரிவது காற்று நிறைந்துவிட்டதன் அடையாளம்.

எண்ணெயில் உறைந்த படிகம் கிடையாது. சர்க்கரையோடு சேர்த்து அரை மணி நேரம் அடித்தாலும் அது ஈர மணல் போலத்தான் இருக்கும். உள்ளே சென்ற காற்று அடுத்த நிமிடமே மேலே வந்து வெளியேறிவிடும். ஆகவே உங்கள் வழக்கமான குறிப்பின் முதல் வரியில் "வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாக அடிக்கவும்" என்று இருந்து, நீங்கள் அதே வரியை எண்ணெயோடு செய்திருந்தால், ஊதிப் பெரிதாக்குவதற்குக் குமிழியே இல்லாத மாவை ஓவனுக்குள் வைத்திருக்கிறீர்கள். சிலர் இதற்குப் பரிகாரமாகப் பேக்கிங் பவுடரைக் கூட்டுவார்கள். அது நிலைமையை மோசமாக்கும். இருக்கும் சில குமிழிகளே அளவுக்கு மீறிப் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மேலெழுந்து உடைந்துவிடும். கேக் முதலில் பொங்கி, பிறகு அமுங்கும். நாக்கில் சோடா வாடையும் மிஞ்சும்.

எண்ணெயில் செய்யும்போது காற்றை வேறு யாராவது சுமக்க வேண்டும். அந்தப் பொறுப்பை முட்டையிடம் கொடுப்பதே சரியான வழி. இது புதிதும் அல்ல. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காப்பீட்டு முகவராக இருந்த ஹாரி பேக்கர் என்பவர் 1927-இல் ஷிஃபான் கேக்கை உருவாக்கியபோது செய்தது இதைத்தான்: வெண்ணெயை அறவே விட்டுவிட்டு எண்ணெயை ஊற்றினார், காற்றைச் சுமக்கும் வேலையை நுரைக்க அடித்த முட்டை வெள்ளைக்கருவிடம் விட்டார். இருபது ஆண்டுகள் அந்த இரகசியத்தைக் காத்து, 1947-இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்திடம் விற்றார். வெளியானபோது அந்த இரகசியப் பொருள் சாதாரண சமையல் எண்ணெய் என்று தெரிந்து பலர் வியந்தார்கள். அந்தக் கேக்கில் வெள்ளைக்கருவைத் தனியாக அடிக்க வேண்டும். நம் கேக்குக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை, முழு முட்டையையே அடிக்கலாம்.

உங்கள் கேக்கையே எண்ணெய்க்கு மாற்றிச் செய்வோம். மைதா 180 கிராமும் பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டியும் சேர்த்து இரண்டு முறை சலித்து வையுங்கள். இத்துடன் உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சேர்க்க வேண்டும். நீங்கள் வழக்கமாகப் போடுவது உப்பு வெண்ணெய் என்றால் அந்த 150 கிராமில் மூன்று கிராமுக்கு நெருக்கமாக உப்பு இருந்தது. அதை ஈடு செய்யாவிட்டால் கேக் தித்திப்பாக இருந்தும் சப்பென்று இருக்கும், என்ன குறை என்று சட்டென்று பிடிபடாது. எண்ணெய் கேக் "வெறும் எண்ணெய் வாசம்" என்று குறை சொல்லப்படும்போது பாதி நேரம் அங்கே விடுபட்டுப் போனது உப்புதான்.

மூன்று முட்டைகளும் குளிர்ச்சி நீங்கி அறை வெப்பத்தில் இருக்கட்டும். அகன்ற பாத்திரத்தில் முட்டையையும் 170 கிராம் சர்க்கரையையும் போட்டு, மின்சார அடிப்பானால் அதிவேகத்தில் ஐந்து முதல் ஏழு நிமிடம் அடியுங்கள். கலவை வெளிறி, மூன்று மடங்கு பொங்கி, அடிப்பானைத் தூக்கினால் நாடா போல விழுந்து, விழுந்த கோடு சில நொடிகள் மேலே நின்று பிறகு மறைய வேண்டும். இந்த நிலைக்கு வராமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். வெண்ணெய் கேக்கில் ஐந்து நிமிடம் வெண்ணெயும் சர்க்கரையும் செய்த வேலையை இங்கே முட்டை செய்து முடித்திருக்கிறது.

அடுத்தது எண்ணெய். 110 கிராம் எண்ணெயை மூக்குள்ள கிண்ணத்தில் எடுத்து, அடிப்பானை நடுத்தர வேகத்துக்குக் குறைத்து, நூல் போல ஊற்றுங்கள். முழுவதும் ஊற்றி முடிக்க ஒரு நிமிடமாவது ஆக வேண்டும். மொத்தமாகக் கவிழ்த்தால் இரண்டு தீங்குகள் உண்டு: கனமான எண்ணெய் நுரையை உடைத்துக்கொண்டு அடிக்குப் போய்விடும், மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் என்னும் பொருள் எண்ணெயை நுண்துளிகளாகப் பிடித்துவைக்க அவகாசம் கிடைக்காது. சரியாகச் சேர்ந்த கலவை பளபளப்பாகவும் ஒரே நிறமாகவும் இருக்கும். பாத்திரத்தின் ஓரத்திலோ மேற்பரப்பிலோ மஞ்சளாக எண்ணெய் வளையம் தெரிந்தால் இன்னும் சேரவில்லை என்று பொருள். மாவு போடுவதற்கு முன் இன்னும் அரை நிமிடம் அடித்துச் சேர்த்துவிடுங்கள். கலவையில் இருந்து பிரியும் எண்ணெய் வேகும்போது தானாகச் சேர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது அடித்தாளுக்குத்தான் போகும்.

பால் இப்போது 60 மில்லி அல்ல, 85 மில்லி. வெண்ணெயோடு போன 24 கிராம் நீருக்கு ஈடாகத்தான் இந்த 25 மில்லி. தண்ணீரே ஊற்றலாமே என்றால், ஊற்றலாம், கேக் கெடாது. பாலை நான் விரும்புவதற்குக் காரணம், வெண்ணெயின் பால்கசடு கேக்கின் மேற்புறத்துக்குக் கொடுத்த பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் பாலின் புரதமும் சர்க்கரையும் ஓரளவுக்காவது திருப்பித் தருகின்றன என்பதுதான். வெனிலா ஒரு தேக்கரண்டி இதிலேயே கலந்துவிடலாம். சலித்த மைதாவை மூன்று பங்காகவும் பாலை இரண்டு பங்காகவும் பிரித்து, மாவில் தொடங்கி மாவில் முடியுமாறு மாறி மாறிச் சேர்த்து, கரண்டியால் அடியிலிருந்து மடித்து மடித்துக் கலக்குங்கள். மின்சார அடிப்பானை இந்தக் கட்டத்தில் எடுத்து வைத்துவிடலாம். மாவின் வெண்மை மறைந்ததும் நிறுத்த வேண்டும்.

இந்த மாவு வெண்ணெய் கேக் மாவைவிட நீர்த்திருக்கும். பழகாதவர்கள் இதைப் பார்த்து மைதாவை ஒரு கை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். வெண்ணெய் மாவு கெட்டியாகத் தெரிவது வெண்ணெய் பாதி உறைந்த நிலையில் இருப்பதால்தான். ஓவனுக்குள் சென்று வெண்ணெய் உருகியதும் அதுவும் இதைப் போலத்தான் இளகும். எட்டரை அங்குல நீளமுள்ள ரொட்டி அச்சில் தாள் விரித்து ஊற்றினால் பாதிக்குச் சற்று மேல் நிரம்பும். 170 டிகிரியில் முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் 45 முதல் 50 நிமிடம் வேகட்டும். 40 நிமிடம் ஆகும்வரை கதவைத் திறக்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் சுவர் உறைவதற்கு முன் குளிர்காற்று பட்டால் நுரையால் உப்பிய கேக் வெண்ணெய் கேக்கைவிட எளிதில் அமுங்கும்.

வெந்ததா என்று பார்ப்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு. எண்ணெய் கேக்கில் குச்சியைக் குத்தி எடுத்தால் அது வெந்த பிறகும் லேசாகப் பளபளக்கும். அது எண்ணெயின் மினுமினுப்பு, வேகாத மாவு அல்ல. மாவு ஒட்டியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். நடுவில் விரலால் மெல்ல அழுத்தினால் திரும்ப எழ வேண்டும். மேற்புறம் வெண்ணெய் கேக் அளவுக்குச் சிவக்காது. சிவக்கட்டும் என்று காத்திருந்தால் உள்ளே உலர்ந்துவிடும்.

முதல் முறை சரியாக வரவில்லை என்றால் எது தவறியது என்பதைக் கேக்கே காட்டிக்கொடுக்கும். அடித்தாள் ஊறி, வெட்டிய துண்டு விரலில் எண்ணெய் பூசினால் எண்ணெய் அதிகம், அல்லது சேராமல் பிரிந்திருக்கிறது. அடியில் அரை அங்குலத்துக்கு அல்வா போலக் கெட்டியான அடுக்கு ஒன்று தெரிந்தால் நுரை உடைந்து எண்ணெயும் மாவும் அடியில் தங்கியிருக்கின்றன. அளவு சரியாக இருந்தும் இது நேரும், ஊற்றிய வேகம்தான் காரணம். மேலே பெரிய பெரிய துளைகளோடு உயர்ந்து, வெட்டினால் சுரங்கம் போல் நீண்ட ஓட்டைகள் இருந்தால் மாவு சேர்த்த பிறகு அதிகம் கலக்கியிருக்கிறீர்கள். வறண்டு உதிர்ந்தால் பாலைக் கூட்ட மறந்திருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் கேக் வறண்டுவிட்டது என்று சொல்பவர்கள் அடுத்த முறை எண்ணெயைக் கூட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே குறைந்திருப்பது நீர், கொழுப்பு அல்ல.

முட்டை சேர்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தயிரும் சமையல் சோடாவும் சேர்த்துச் செய்யும் எண்ணெய் கேக்கில் காற்றைச் சுமக்க முட்டையும் இல்லை, வெண்ணெயும் இல்லை. தயிரின் புளிப்போடு சோடா சேர்ந்தவுடன் வரும் வாயுதான் அங்கே பெரும்பகுதி வேலையைச் செய்கிறது, அது கலந்த நொடியிலிருந்தே வெளியேறத் தொடங்குகிறது. ஆகையால் ஓவன் முழுச் சூட்டில் காத்திருக்க வேண்டும், மாவு காத்திருக்கக் கூடாது. அளவுக் கணக்கில் மாற்றமில்லை: வெண்ணெயின் எடையில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய், ஆறில் ஒரு பங்கு கூடுதல் தயிர் அல்லது பால். ஆனால் கேக் சற்றுக் கனமாகத்தான் இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எந்த எண்ணெய் என்றால், வாசமில்லாத சுத்திகரித்த எண்ணெய் எதுவானாலும் சரி. சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய், சுத்திகரித்த கடலை எண்ணெய் மூன்றுக்கும் கேக்கில் வேறுபாடு தெரிவதில்லை. செக்கு நல்லெண்ணெயின் மணம் வெனிலாவை அடக்கிவிடும். தேங்காய் எண்ணெய் தனி வகை: அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது, எனவே சென்னை வெயிலில் எண்ணெயாகவும் மலைநாட்டுக் குளிரில் வெண்ணெயாகவும் நடந்துகொள்ளும். குளிர்ந்த முட்டையின் மேல் அதை ஊற்றினால் சிறு சிறு மணிகளாக உறைந்து நிற்கும். நெய்யை எடுத்துக்கொண்டால் அது நீர் நீக்கப்பட்ட வெண்ணெய்தான், ஏறத்தாழ முழுக்கொழுப்பு. ஆகவே நெய்க்கும் எண்ணெய்க்கும் மட்டும் எடைக்கு எடை மாற்றிக்கொள்ளலாம். வெண்ணெய்க்குப் பதில் நெய் போடும்போதும் இதே 80 சதவீதக் கணக்கு பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்த மாற்றம் எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுக்கடுக்காகப் பிரியும் பஃப்ஸ் மாவில் வெண்ணெய் அல்லது அதைப் போன்ற கெட்டிக் கொழுப்பு மாவுப் படலங்களுக்கிடையே தகடாக நிற்க வேண்டும். எண்ணெய் தகடாக நிற்காது, மாவுக்குள் ஊறிவிடும், அங்கே எந்த விகிதமும் உதவாது. வாயில் கரையும் பட்டர் பிஸ்கட்டும் அப்படியே: எண்ணெயில் செய்தால் தட்டில் வைக்கும்போதே கசியும், வெந்தபின் கரகரப்பாக இருக்குமே தவிரக் கரையாது. கேக்கின் மேல் பூசும் வெண்ணெய்ப் பூச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாறாக, கேரட் கேக், வாழைப்பழக் கேக், சாக்லேட் கேக் ஆகியவற்றில் எண்ணெய்தான் சிறந்தது என்பது என் கருத்து. பழமும் கோகோவும் மணத்தைப் பார்த்துக்கொள்ளும்; வெண்ணெய் போலக் குளிர்பெட்டியில் இறுகாததால் மூன்றாம் நாளும் கேக் மிருதுவாக இருக்கும்.

வெண்ணெயின் மணமும் வேண்டும், எண்ணெய் தரும் மிருதுத்தன்மையும் வேண்டும் என்றால் பாதிப் பாதி செய்யலாம். நானே இப்போது பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன். 75 கிராம் வெண்ணெயைச் சர்க்கரையோடு வழக்கம்போல் அடித்துக் காற்றேற்றி, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தபின், மீதி 75 கிராம் வெண்ணெய்க்கு ஈடாக 60 கிராம் எண்ணெயை நூல் போல ஊற்றிச் சேர்த்து, பாலை 12 மில்லி மட்டும் கூட்டினால் போதும். இங்கே எண்ணெயை 80 சதவீதத்துக்குக் கீழே குறைக்க வேண்டியதில்லை, ஏனெனில் பாதி வேலை வெண்ணெயிடம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: வெண்ணெயை அடிக்க ஏற்ற வெப்பம் 18 முதல் 21 டிகிரி. நம் சமையலறை கோடையில் 32 டிகிரியைத் தொடும்போது வெண்ணெயின் கொழுப்பு பெரும்பாலும் உருகிவிடுகிறது; அப்போது அதுவும் காற்றைப் பிடிக்காது. குறிப்பில் "அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்" என்று எழுதியிருப்பவர் நம் ஊர் மே மாதத்து அறையை நினைத்து எழுதியிருக்க மாட்டார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் ஆனால் விரல் வழுக்காத நிலையில் அடிக்கத் தொடங்க வேண்டும்.

கடைசியாக, வீட்டில் கடைந்த வெண்ணெயில் செய்து பழகியவராக இருந்தால் மேலே சொன்ன 80-க்கு 16 கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கையால் கடைந்த வெண்ணெயில் மோர் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது பிழிந்த கையைப் பொறுத்தது, ஒவ்வொரு முறையும் மாறும். ஒருமுறை 100 கிராம் எடுத்து, சலசலப்பு அடங்கும்வரை உருக்கி, வடித்த நெய்யை எடை போட்டுப் பாருங்கள். 70 கிராம் வந்தால் உங்கள் வெண்ணெயில் கொழுப்பு 70 சதவீதம்; உங்கள் 150 கிராமுக்கு ஈடு 105 கிராம் எண்ணெய், பாலையும் 25-க்குப் பதில் 40 மில்லிக்குச் சற்று மேல் கூட்ட வேண்டியிருக்கும்.